ஆறட்டும் என்று மூடியது

மார்ச் 4, செவ்வாய்

தங்கையின் படம் ஆறு நிமிடம். பள்ளி வாசலில் நடைமேம்பாலம் இருந்தும் எல்லோரும் ஏன் கீழே ஓடிக் கடக்கிறார்கள் என்பது கதை. போனிலேயே எடுத்தாள். சனிக்கிழமை ஐந்து மணிக்குள் குறும்படப் போட்டித் தளத்தில் ஏற்ற வேண்டும். வகுப்பில் மூன்று பேர் ஏற்கெனவே ஏற்றிவிட்டார்களாம். இவள் இன்னும் இசையை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

"முடிஞ்சதா?" என்றேன். "கேக்காதக்கா" என்றாள்.

மார்ச் 8, சனி

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

இரண்டு மணிக்கு மடிக்கணினியில், படத்தை ஒரே கோப்பாக்கும் ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தினாள். நீலப் பட்டை நகர்ந்தது. மீதி ஒன்றரை மணி நேரம் என்றது. அடுத்த நிமிடம் ஒன்று பத்து. பிறகு ஒன்று ஐம்பது. "பொய் சொல்லுது" என்றாள். பொய் இல்லை. இதுவரை போன வேகத்தை வைத்துத்தான் அது மீதியைச் சொல்கிறது. வெறும் காட்சிகளில் ஓடும். கை ஆட்டத்தை நீக்கிய காட்சி வந்தால் ஒவ்வொரு ஃப்ரேமாகக் கணக்குப் போட்டு ஊர்ந்து போகும்.

போட்டிக்கான உறுதிமொழிப் படிவத்தில் தலைமை ஆசிரியர் முத்திரை வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் அவர் முன்னால் கையெழுத்திட வேண்டும். "நீதான படிச்சவ, நீயே போ" என்றார் அப்பா. இரண்டே காலுக்கு நானும் தங்கையும் கிளம்பினோம். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பியபோது மூன்று நாற்பது. மடிக்கணினி மூடியிருந்தது. திறந்தால் முப்பத்தொன்று சதவீதம்.

மூடியதும் அது தூங்கிவிட்டது. பட்டை விட்ட இடத்திலிருந்து மறுபடி நகர ஆரம்பித்தது, ஒன்றும் நடக்காத மாதிரி.

அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். "அனலா கொதிச்சுதுடி. இஸ்திரிப் பெட்டின்னா நிமித்தி வெச்சு ஆற விடுவோம்ல, அதான்..."

"உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதுல்ல! தெரியாததை ஏன்மா தொடுற?" — தங்கை.

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். நான் வாய் திறக்கவில்லை. திறக்க நேரமும் இல்லை — இதுவும் சாக்குதான்.

மீதி ஒன்றே கால் மணி நேரம். முடிந்தாலும் கோப்பு ஒன்றரை ஜிபி. எங்கள் இணைப்பில் ஏற்ற இரண்டு மணி நேரமாகும். "ரத்து பண்ணிட்டு, அளவைக் குறைச்சு முதல்ல இருந்து போடு" என்றேன்.

"முப்பத்தொண்ணு போயிடுமே!"

"போகட்டும். பாதிக் கோப்பு எதுக்கும் ஆகாது. எந்தக் காட்சி எங்க இருக்குங்கற குறிப்பை அது கடைசியிலதான் எழுதும். அது இல்லாம எதுலயும் திறக்காது."

அழுதுகொண்டே அழுத்தினாள்.

புதுப் பட்டை எழுபத்திரண்டில் நின்றது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அவள் நகத்தைக் கடித்தபடி திரையில் மூக்கு முட்ட உட்கார்ந்திருந்தாள். கோப்புறையைத் திறந்து கோப்பின் அளவைக் காட்டினேன்: 141 எம்பி, 142. "பாரு, உயிரோட இருக்கு." நாலு முப்பத்தொன்றுக்கு முடிந்தது. இருநூறு எம்பி. ஏற்றும் பட்டை நாலு ஐம்பத்திரண்டுக்கு நூறைத் தொட்டது. ஆனால் தளம் 'சரிபார்க்கப்படுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. நாம் அனுப்பி முடித்தது மட்டும்தான் அந்த நூறு. அங்கே அவர்கள் திறந்து பார்க்க வேண்டும்.

நாலு ஐம்பத்தாறு. ஒப்புகை எண் வந்தது. நாங்கள் இருவரும் கத்தினோம். சமையலறையிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா மேசையைத் துடைத்தாள். மடிக்கணினியைச் சுற்றி ஒரு சாண் விட்டுத் துடைத்தாள்.

கல்லூரி சேர்ந்த வருடம் ஏதோ விளக்கப்போய், "படிச்ச திமிரு" என்று சித்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்து வீட்டில் எதையும் விளக்குவதில்லை. பெருமை அடிக்கிறேன் என்று யாரும் சொல்லக் கூடாதே! அடக்கம் என்று நினைத்தேன். மூடாதேம்மா என்று ஒரு வார்த்தை. அதைக்கூட அம்மாவுக்குக் கொடுக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

படம் தேர்வாகிவிட்டது. அடுத்த சனி திரையிடல். குடும்பத்துக்கு மூன்று அழைப்பு அட்டை.

"நான் வரலம்மா. அங்க எதையாவது தொட்டுத் தொலைச்சிடுவேன்" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தங்கை சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள்.

மார்ச் 29, சனி

அப்பாவும் நானும் மூன்றாவது வரிசையில். நடுவில் ஒரு நாற்காலி காலி. பரிசு வேறு பள்ளிக்கு.

நடுவர் ஒருவர் கேட்டார்: "படம் கொஞ்சம் மங்கலா இருக்கேம்மா, ஏன்?"

தங்கை ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கடைசி நேரத்துல அளவைக் குறைச்சோம் சார். மெஷின் வேலை செய்யுது, மூடக் கூடாதுன்னு எங்கம்மாகிட்ட நாங்க சொல்லாமப் போயிட்டோம். அது காந்திடுமோன்னு அவங்க மூடி வெச்சாங்க. தப்பு எங்களுது."

வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு வார்த்தை விடாமல் அம்மாவிடம் சொன்னேன். அப்படியே, தெரிந்திருந்தும் நான் விளக்காமல் போனதையும் சொன்னேன். அம்மா அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

"எல்லார் முன்னாலயுமா சொன்னா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "மைக்குலயா?" என்றாள்.