தம்பி பேசியதை வரி விடாமல் எழுதச் சொன்னாய்

காஜா பேராங், மலாக்கா
சுபானு வருடம், ஐப்பசி 3

அன்பு மகள் கோகிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி சாமிநாதனும் மருமகள் சந்திரமதியும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் தணிக்கையில் பிரித்துப் படித்துத் திரும்ப ஒட்டிய உறையில் போன வாரம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வருகிறது, மருந்து கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முழுவதும் படித்துவிட்டு அங்கே வா. பயண அனுமதி கிடைக்காமல் தம்பி கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதே என்று அழுதிருக்கிறாய், வரவேற்பில் தம்பி என்ன பேசினான், வரி விடாமல் எழுது என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பேச்சு ரொம்ப நன்றாக இருந்ததாம் என்று சிங்கப்பூரில் உனக்கு யாரோ சொன்னார்களாமே. அந்த இடத்தைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். சிங்கப்பூர் வரைக்கும் போயிருக்கிறது பார். அந்தப் பேச்சுக்குப் பிறகு சந்திரமதியின் அப்பா, சம்பந்தி நல்லையாவுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் உனக்குச் சொன்னவர்கள் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் சொல்கிறேன், மனசைத் திடப்படுத்திக்கொள்.

ஆவணியில் கல்யாணம் என்று முடிவானதும் உன் தம்பி போலீஸ் நிலையத்தில் அனுமதி கேட்கப் போனான். ஐம்பது பேருக்கு மேல் கூடினால் யார் யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்கச் சொன்னார்களாம். வாழ்த்திப் பேச தேவதாஸ் வாத்தியார், பதில் சொல்லி நன்றி கூறக் கல்யாண மாப்பிள்ளையான உன் தம்பி, அவ்வளவுதான். அவன் ஒரு பக்கம் எழுதினான். முதலில் ஜப்பான்காரர்களின் நிப்பொன் அரசாங்கத்துக்கு நன்றி, பிறகு இந்த மங்கலகரமான நன்னாளிலே இரு வீட்டாரும் ஒரு குடும்பமாய் இணைந்த இவ்வேளையிலே என்று நீட்டி முழக்கியிருந்தான். அதற்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து எனக்குப் படித்துக் காட்டினான். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? இதென்ன தம்பி, தண்டோரா போடுகிற மாதிரி இருக்கிறது, பெண்ணைப் பெற்றவர்கள் காதில் இது ஏறுமா, பெயரை மாற்றினால் எந்தக் கல்யாணத்திலும் வாசிக்கலாமே என்று சொல்லிச் சிரித்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விடாமல் மறுநாளே வேறு மாதிரி ஆரம்பித்தான். காகிதத்தில் வாக்கியம் எதுவும் எழுதவில்லை. பெயர்களை மட்டும் வரிசையாக எழுதினான். முதலில் வாழ்த்திய வாத்தியார், அடுத்து மாமனார் மாமியார், அவர்களுக்குப் பிறகுதான் நான், பிறகு அடுப்படியில் வெந்தவர்கள், நடந்தே வந்த விருந்தாளிகள், கடைசியில் சந்திரமதி. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நடந்த ஒரே ஒரு விஷயம். மாமனார் பெயருக்கு எதிரில் சைக்கிள் என்று எழுதியிருந்தான். ரப்பர் டயர் கிடைக்காமல் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு குருபோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நம் வீட்டுக்கு அவர் வந்து போனாரே, அதைச் சொல்லப் போகிறானாம். நல்ல விஷயம், யாருக்கும் கெடுதல் இல்லாத விஷயம்.

யாருக்கு நன்றி சொல்கிறேனோ அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கூரையைப் பார்த்தால் மனப்பாடம் என்று தெரிந்துவிடும், நான்கு நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது என்றெல்லாம் தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டு கிணற்றடியில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். கடைசி வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்தான், எப்படி முடிப்பது என்று தெரியாமல் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. அப்போது நான் இன்னொன்றும் சொல்லிவைத்தேன் கோகிலா. உனக்கு முன்னால் பேசுகிறவர் என்ன சொல்கிறாரோ அதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பி தம்பி, அப்போதுதான் பதில் சொல்கிற மாதிரி இருக்கும், ஒப்பிக்கிற மாதிரி இருக்காது என்றேன். இதைச் சொன்னவள் நான்தான். வேறு யாரையும் நீ நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இருட்டினால் விளக்கு ஏற்றக்கூடாது என்று உத்தரவு இருந்ததால் வரவேற்பைச் சாயங்காலம் நான்கு மணிக்கே வைத்தோம். வாசலில் பந்தல், மரவள்ளிக்கிழங்குப் பணியாரம், சோளத்தை வறுத்துப் போட்ட காப்பி. அறுபது பேர் இருந்தார்கள், எல்லாம் தெரிந்த முகங்கள். நான் வழக்கம்போல முன்னால் வராமல் அடுக்களை வாசலில் நின்றுகொண்டேன். தேவதாஸ் வாத்தியார் எழுந்து வாழ்த்தினார். அவர் எழுதிக்கொடுத்ததை எல்லாம் சொல்லிவிட்டு, உட்காரும் முன் கேலியாக ஒன்று சேர்த்தார். மாசி மாதம் இந்தப் பையன் மலேரியாவில் கிடந்தபோது நாங்கள் பாடைக்கு மூங்கில் தேடிக்கொண்டிருந்தோம், இன்றைக்கு மாலை போட்டுக்கொண்டு நிற்கிறான், அப்படி என்ன மருந்து சாப்பிட்டாய் அப்பா, எங்களுக்கும் சொல்லேன் என்றார். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உன் தம்பி எழுந்தான். சட்டைப் பையில் முத்திரை குத்திய காகிதம் இருந்தது, எடுக்கவே இல்லை. கையைக் கூப்பி, வாத்தியார் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், பதில் சொல்லாமல் நன்றி சொன்னால் மரியாதை இல்லை என்று ஆரம்பித்தான். அப்படியே திரும்பி மாமனார் முகத்தைப் பார்த்தான். பன்னிரண்டு நாள் எனக்கு நினைவே இல்லை, எங்கள் கல்யாணம் அப்போது பேச்சளவில்தான் இருந்தது, இந்தப் பையன் பிழைப்பானா என்று பார்த்துவிட்டு வேறு இடம் தேடியிருக்கலாம், தேடவில்லை, இவர் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் வேலை பார்க்கிற தோட்டத்து மருந்தகத்திலிருந்து வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு மூன்று தடவை மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை கொண்டுவந்தார், என் பல்லைத் திறந்து அதைக் கரைத்து ஊற்றியவர் மாமி, பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிச் செய்ய எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும், இன்றைக்குப் பெண்ணைக் கொடுத்ததற்கு நன்றி சொல்லச் சொல்கிறார்கள், உயிரைக் கொடுத்தவர்களுக்கு அதெல்லாம் ஒரு நன்றியா என்றான்.  பந்தலில் பலரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்து, அம்மா அங்கேயே நிற்கிறாள், அவள் நிற்கிற இடம்தான் எனக்கு முன்வரிசை என்றான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பெருமையாக இருந்தது கோகிலா. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு பெருமையாக இருந்தது. சம்பந்தி கையில் இருந்த காப்பித் தம்ளர் பாதி வழியில் அப்படியே நின்றுபோனதையும், சம்பந்தியம்மா லலிதாம்பாள் அழாமல் தலையைக் குனிந்து தரையையே பார்த்ததையும் நானும் பார்த்தேன். ஆனந்தத்தில் திக்குமுக்காடிப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மருந்தெல்லாம் ராணுவக் கணக்கில் இருந்தது, ஒரு மாத்திரை குறைந்தாலும் ஆளைப் பிடிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் அது நினைவே இல்லை.

அறுபது பேரில் யார் காட்டிக்கொடுத்தது என்று ராத்திரி பகலாக ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. யாரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பேச்சு நன்றாக இருந்தது, வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். சந்தையில் சொன்னார்கள். பண்டார் ஹிலிர் கடைகளில் மருமகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்களாம். முத்திரை குத்திய பேச்சைப் பேசியிருந்தால் பந்தலைத் தாண்டி ஒரு வார்த்தை போயிருக்காது.

ஏழாம் நாள், மறுவீட்டு விருந்துக்கு உன் தம்பியும் சந்திரமதியும் சம்பந்தி வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே போலீஸ்காரர்கள் வந்து சம்பந்தியை இழுத்துக்கொண்டு போனார்கள். நம் வீட்டையும் கலைத்துப் போட்டுத் தேடினார்கள். உன் தம்பி நிலையத்துக்கு ஓடி, நான்தான் திருடினேன், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறான். கன்னத்தில் இரண்டு அறை கொடுத்து, உன் பேச்சைத்தான் ஊரே கேட்டதே என்று துரத்திவிட்டார்கள். இருபத்திரண்டாம் நாள் சம்பந்தியை விட்டார்கள். மாட்டு வண்டியில் படுக்க வைத்துத்தான் கொண்டுவந்தோம். என்ன செய்தார்கள் என்று எழுத மாட்டேன். வயிறு உப்பி, தண்ணீர்கூட இறங்காமல் எட்டு நாள் கிடந்தார். உன் தம்பி அவர் காலடியிலேயே உட்கார்ந்திருந்தான். உயிர் போவதற்கு முதல் நாள் அவரே இவனைக் கூப்பிட்டு, பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள, கொஞ்சம் நீளமாப் போச்சு, அவ்வளவுதான் என்றாராம். அதுதான் அவர் இவனிடம் சொன்ன கடைசி வார்த்தை.

ஆண் பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி வைத்தவன் இவன்தான். காடுவரை வந்தவர்களுக்கு முன்னால் கொள்ளி வைத்தவன் நின்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் அல்லவா. எல்லாரும் நின்றார்கள். இவன் கையை மட்டும் கூப்பினான், வாய் திறக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். சம்பந்தியம்மாவை இங்கேயே அழைத்து வந்துவிட்டோம். அவர் அவனை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. தட்டில் முதல் சோறு அவனுக்குத்தான் போடுகிறார். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சந்திரமதி அவனோடு பேசுகிறாள், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நாளாவட்டத்தில் சரியாகும் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நானும் நம்பவில்லை.

இனி மாப்பிள்ளை விஷயம். சம்பந்தி கொண்டுவந்த முப்பது மாத்திரையில் உன் தம்பி எழுந்து உட்கார்ந்ததும் ஒன்பதை நான் எடுத்து வைத்திருந்தேன். வீட்டைச் சோதித்தபோது விபூதிச் சம்புடத்தில் சாம்பலுக்கு அடியில் இருந்தது, யாரும் கை வைக்கவில்லை. உனக்கு அனுப்பலாமா என்று சம்பந்தியம்மாவைத்தான் கேட்டேன். அவர் உள்ளே போய்த் தன் கையாலேயே துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். காலை, மத்தியானம், ராத்திரி ஒவ்வொன்றாக மூன்று நாள் கொடு, கஞ்சி குடித்த பிறகு கொடு. யாரிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று இதில் எழுதவில்லை, ஆளைப் பார்த்தால் உனக்கே தெரியும். வயிறாரச் சோறு போட்டு அனுப்பு. மாப்பிள்ளை எழுந்து நடமாடினால் எப்படிக் குணமானது என்று கேட்பார்கள், வேப்பிலைக் கஷாயம் என்று சொல். குழந்தைக்கு இரண்டு வேளையும் வெந்நீரே கொடு, தலையில் குளிர் ஏற விடாதே.

பிள்ளையார் உங்கள் மூன்று பேரையும் பக்கத்தில் இருந்து காக்கட்டும், மாப்பிள்ளை நூறாண்டு இருக்கட்டும், உன் நெற்றிக் குங்குமம் நிலைக்கட்டும். மறக்காமல் இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. இதைக் கொண்டுவருகிறவரை வாசல்வரை போய் வழியனுப்பு, ஆனால் உயிர் உள்ளவரை நான்கு பேர் எதிரில் அவருக்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
அன்னபூரணி