உம் பெயரில் ஒரு லிங்கம்

நம் தெருப் பிள்ளையார் கோவில் வாசலில் இரண்டு நாளாகக் கல் வெட்டுகிறார்கள். கருங்கல் தூளின் கருகிய வாசம் என் வீட்டுக்குள் வரை வருகிறது. வெட்டுவது உம் பெயரை. அதோடு ‘ஈஸ்வரர்’ சேர்த்து வெள்ளிக்கிழமை ஒரு லிங்கம் வைக்கப் போகிறார்கள். நீர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உம் மகன் உம்மைச் சாமியாக்கிவிட்டான்.

முதல் குடம் நான் ஊற்ற வேண்டுமாம். நேற்றுக் கேட்க வந்தான்.

“கம்போடியாவுல ராசாமாரு தன் பேரச் சாமிக்கு வைப்பாகன்னு அப்பாதான மாமா சொல்லுவாக?”

“சொன்னாருலே. எப்படிச் சொன்னாரு? காறித் துப்பிட்டுல்லா சொன்னாரு!”

நீர் சொன்னதில் பாதியைத்தான் அவன் காது வாங்கியிருக்கிறது. பணக்காரன் காது அப்படித்தான்.

நாம் இருவரும் அங்கே போனது நினைவிருக்கிறதா? சங்கரநாராயணரை அன்றாடம் கும்பிடுகிற நமக்கு, பாதி சிவனும் பாதி திருமாலுமாக அந்த ஊர்ச் சிலையைப் பார்த்ததும் பெருமை பொங்கியது. கூட வந்தவர்கள் எல்லாவற்றையும் தமிழன் கட்டினான் என்று கூவினார்கள். படித்த மூடர்கள். கோவிலைப் பார்த்தார்களே தவிர, அதற்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று ஒருவனும் கேட்கவில்லை. நாம்தான் கேட்டோம்.

ராஜா ஒரு லிங்கம் வைப்பான். அதற்குத் தன் பெயரோடு ஈஸ்வரன் என்று பெயர். அதற்கு ஊர் ஊராக எழுதிவைப்பான். அந்த ஊர்க்காரர்கள் நெல் அளக்க வேண்டும். வேலையாட்களில் ஒரு கூட்டம் வளர்பிறைக்கு, இன்னொரு கூட்டம் தேய்பிறைக்கு. அத்தனையும் கல்லில் வெட்டியிருக்கிறது. அடுத்த ராஜா வந்ததும் தன் பெயரில் மலைபோல் ஒரு புதுக் கோவில் எழுப்புவான். பழைய லிங்கத்தின் மவுசு போய்விடும்.

ஏழாம் ஜெயவர்மன் புத்தனுக்கு மாறினான். மாறி என்ன? தாயைப் பிரஜ்ஞாபாரமிதை என்ற பௌத்தத் தேவியாகவும், தகப்பனை லோகேசுவரன் என்ற போதிசத்துவராகவும் சிலை வைத்தான். அதே ஊர்கள், அதே நெல், அதே ஆட்கள். அவனுக்குப் பின்னால் வந்த சிவபக்தன் மாடங்களில் இருந்த புத்தர்களைக் கொத்தித் தள்ளினான். சிலதை லிங்கமாகவே செதுக்கிக்கொண்டான். அந்தச் சுவரைத் தடவிப் பார்த்து நீர் சொன்னது இன்னும் கேட்கிறது.

“சாமிக்குச் சண்டை இல்ல வே. பேருக்குத்தான் சண்டை.”

அடுத்த நாள் காலையில், இடிந்த கோவிலை ஒட்டி ஒரு மரக்கூடம். சுற்றுவட்ட வீடுகளில் பிக்குகள் வாங்கி வந்த சோற்றைப் பகிர்ந்து உண்டுகொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் ராஜாக்களும் பிச்சைச் சோற்றில் வாழும் இந்தத் தேரவாத பௌத்தத்துக்குத்தான் வந்தார்களாம். அதோடு பெருங்கல் கோவில் கட்டுவது நின்றுபோனது. ராஜா பெயர் தாங்கிய சாமிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. அங்கோர் வாட் திருமால் மட்டும் பிழைத்தார், ஊர்க்காரர்கள் தங்கள் காவல் சாமியாகக் கும்பிட்டுக்கொண்டதால். பிக்குவுக்கு எந்த ராஜாவும் வேண்டாம், பத்து வீட்டு அடுப்பு எரிந்தால் போதும்.

அந்த மரக்கூடத்துத் தூணிலும் கொடையாளர் பெயர்கள் இருந்தன. “இங்கனயும் உபயமா!” என்று சிரித்தீர். பிறகு, நெற்றி நிறையத் திருநீறோடு, உம் சோற்றுப் பொட்டலத்தைப் பிக்குகள் முன் கொண்டுபோய் வைத்தீர். ஒலிபெருக்கி வைத்திருந்தவன் வாழ்த்தி அறிவிப்பதற்கு வழிகாட்டி மூலம் உம் பெயரைக் கேட்டான். நீர் மறுத்துத் தலையை ஆட்டிவிட்டீர்.

“சோத்துக்குப் பேரு எதுக்கு?”

இதை உம் மகனிடம் அப்படியே சொன்னேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டான்.

“லிங்கத்துக்குத் தெனமும் வெளக்கு யாரு போடுவா?” என்றேன்.

“நான் பாத்துக்கிடுதேன்.”

“உனக்குப் பெறவு?”

“பக்கத்துல திருவேங்கடத்துல ஒரு வயலு எழுதி வைக்கேன் மாமா.”

“கம்போடியாவுல ஊரையே எழுதி வச்சவன் சாமி மேல மரம் மொளச்சிருக்குலே!”

“நீங்க வராட்டாலும் நடக்கும்” என்று எழுந்து போய்விட்டான். நடக்கும்தான். மேளம் வரும், சாப்பாடு இருக்கும், பாராட்டிப் பேச நாலு பேர் இருப்பார்கள். அடுத்து ஒரு பணக்காரன் வந்து உம் பெயரைக் கொத்திவிட்டுத் தன் பெயரை வெட்டுவான்.

நான் குடம் எடுக்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு சோற்றுப் பொட்டலத்தோடு பஸ் நிலையத்துக்குப் போவேன். பசித்த முகம் ஒன்று அங்கே எப்போதும் இருக்கும். யார் கொடுத்தது என்று கேட்டால் தலையை ஆட்டுவேன். கல்லில் அவர்கள் ஆழமாகவே வெட்டிக்கொள்ளட்டும். இந்த மடலில் எங்கேயும் உம் பெயரை நான் எழுதவில்லை, பார்த்தீரா?