இரண்டாம் சரணம் யாருடையது

நீ இறந்த மறுநாள் காலை நம் கோவில் பாடகர் குழு அவசரமாகக் கூடி, இனி அடக்கப் பாடல்களில் ஒரு சரணம் மட்டுமே பாடுவது என்று முடிவெடுத்தது. திருச்சபை வரலாற்றில் இதற்கு இணையான முடிவுகள் குறைவு. வெயில், பந்தல்காரரின் அவசரம், சாம்பார் ஆறிவிடும் என்ற கவலை மூன்றும் ஆழமாக விவாதிக்கப்பட்டன. இதை எழுதும்போதும் ஆர்மோனியத்தின் அந்தப் பழைய தோல் வாசனை என் விரலில் இருக்கிறது.

கொள்ளிடத்து மணல் குழியில் உன் பையன் மூழ்கிய வருஷம், உனக்காக நான் இந்தப் பாட்டை எழுதினேன்.

“ஆத்து மணல் பரப்பெல்லாம் உன் அடிச்சுவடு காணலையே
காத்து நின்ன அப்பனுக்குக் கண்ணு ரெண்டும் பூத்திருச்சே
பொழுது சாஞ்சு போயிருச்சே, வீட்டுக்கு வரக்கூடாதா”

இரண்டாம் சரணத்திலும் அதே அப்பன், அதே கரை. கண்ணீர் மட்டும் கடலாகியிருந்தது. நீ படித்துவிட்டுச் சொன்னாய்: “புலவரே, இது ரெண்டாம் சரணம் இல்ல. முதல் சரணத்துக்கு மைக் செட்டு.”

“அப்ப என்னதான் எழுதுறது?”

“கரையை விட்டு எறங்கு. நான் அங்க நிக்கிறப்ப வீட்ல ஒருத்தி இருக்கால்ல.”

பிறகு நீயே எழுதினாய். காலத்தை அறுவடைக்குப் பின்னால் தள்ளினாய். இடம் அடுப்படி. பேசுவது உன் மனைவி ஸ்டெல்லா. மெட்டும் எதுகையும் மாறவில்லை. ஆறு என்ற சொல்லே இல்லை.

“சோத்தை வடிச்சு மூடி வச்சேன், சம்பா அறுப்பும் முடிஞ்சிருச்சு
நேத்தும் தட்டு காஞ்சு கெடக்கு, நீங்க கரையில நிக்கிறீங்க”

அதற்குப் பின் ‘வீட்டுக்கு வரக்கூடாதா’ என்ற பல்லவியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் வைத்தாய். முதலில் அப்பன் பிள்ளையைக் கூப்பிட்ட அதே வரியில், இப்போது மனைவி புருஷனைக் கூப்பிட்டாள். பிள்ளை வராதது ஒரு துக்கம். அந்தக் கரையிலிருந்து நீயும் வீடு திரும்பவில்லை என்பது அதற்கு அடியில் இருந்த துக்கம். முதல் தடவை ஸ்டெல்லா அதைப் பாடியபோது நீ தலை நிமிரவில்லை. மறுநாளிலிருந்து ஆற்றுப் பக்கம் போவதை நிறுத்தினாய். அதன் பிறகு எந்த வீட்டுத் துக்கத்திலும் அந்தச் சரணத்தை எழுந்து நின்று தனியாகப் பாடுவது ஸ்டெல்லாதான்.

குழுத் தலைவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

“இன்னைக்கு ஒரு நாள் ரெண்டாவதையும் பாடுவோம், சார். பையனைக் கூப்பிடுறது முதல் சரணம். இவனைக் கூப்பிடுறது அதுதான்.”

“ரெண்டும் சோகந்தானே? ஒண்ணு போதும். இன்னைக்கே மாத்தினா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க.”

அவர் பொதுவாக நியாயமான மனிதர். எங்கள் குழுவில் நியாயமானவர்கள் அதிகம்.

கல்லறைத் தோட்டத்தில் முதல் சரணம் முடிந்து, பல்லவி வந்தது. ஸ்டெல்லா நாற்காலியை விட்டு எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். ஆர்மோனியத்தை மூடினார்கள். உன் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள்.