ரோஜாவுக்குப் பதில்

2 மார்ச்

(ரோஜாப்பூ படம்)
காலை வணக்கம் தம்பி. இந்த நாள் நல்ல நாளா அமையட்டும்.
லோகேஸ்வரி அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,
ரோஜா வந்து சேர்ந்தது. நான் சுகம். லிட்டில் இந்தியாவும் சுகம், நான் கடை திறந்தால்தானே மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கே விடியும்! மசாலாவை மோந்து பார்த்தே எடை சொல்லுவேன்னு முதலாளி சீனி முகம்மது வெள்ளைக்காரங்களைக் கூட்டிவந்து என்னைக் காட்டுறார். சரி, என்ன வேணும் சொல்லு. காலையில் வணக்கம் போடுறவங்க சாயங்காலம் ஏதாவது கேட்பாங்க. எனக்கு அனுபவம் உண்டு.
சின்னையா

3 மார்ச்

(ரோஜா)
காலை வணக்கம் தம்பி. ஒண்ணும் வேணாம்டா. சும்மாதான். இங்க நம்ம கெப்பாலா பத்தாஸ்ல மழை. நேத்து உன் பதிலைப் படிச்சுட்டுத்தான் தேத்தண்ணி குடிச்சேன்.
அக்கா

அக்கா,
ஒண்ணுமே வேணாமா? அப்போ தினமும் எழுதுறேன். மத்தவங்க மாதிரி கட்டைவிரல் படம் போட்டு ஏமாத்தமாட்டேன் லா. இன்னைக்கு ஒரு மூட்டை மல்லியை ஒத்தைக் கையில் தூக்கினேன். லோரிக்காரன் வாயடைச்சுப் போனான்.
சின்னையா

4 மார்ச்

(ரோஜா)
காலை வணக்கம் தம்பி. கையைப் பார்த்துக்கோ. போன வருஷம் வலிக்குதுன்னியே.
அக்கா

அக்கா, வலியா? எனக்கா? அந்த வலிதான் என்னைக் கண்டு பயந்து ஓடிருச்சு.
சின்னையா

19 மார்ச்

(ரோஜா)
காலை வணக்கம் தம்பி. மாமரத்துல பிஞ்சு விட்டிருக்கு.
அக்கா

(கட்டைவிரல் படம்)

20 மார்ச்

அக்கா,
மணி பத்தாச்சு, ரோஜா வரலை. நேத்து கட்டைவிரல் போட்டதுக்கா கோபம்? கை பூரா மஞ்சள்தூள், முதலாளி வேற கத்துறார், அவசரத்துல அமுக்கிட்டேன். பிஞ்சைப் பத்திக் கேட்டிருக்கணும். எத்தனை விட்டிருக்கு?
சின்னையா

21 மார்ச்

(ரோஜா)
காலை வணக்கம் அக்கா. உன் ரோஜாவையே திருப்பி அனுப்புறேன், என்கிட்ட வேற இல்லை. ஒரே டிக்தான் நிக்குது. போன் அடிச்சா, அணைச்சிருக்குன்னு ஒரு பொம்பளை மலாய்ல சொல்றா. உன் மக அதிராகிட்ட கேட்க வெட்கமா இருக்கு. ‘உங்கம்மா முதல் வணக்கம் எனக்குத்தான்’னு அவகிட்ட பீத்திக்கிட்டவன் நான்.
சின்னையா

22 மார்ச்

காலை வணக்கம் அக்கா. எனக்கும் ஒண்ணும் வேணாம். சும்மாதான். அன்னைக்குத் தூக்கினது பாதி மூட்டை. ரெண்டு கையால. நாளைக்கு லீவு சொல்லிட்டேன், முதல் ஃபெரியில் கடல் தாண்டி உன் வீட்டுக்கு வர்றேன்.
சின்னையா

22 மார்ச், சாயங்காலம்

தம்பி,
போன் அரிசி களைஞ்ச தண்ணியில விழுந்துடுச்சு. பக்கத்துக் கடை அக்மல் இப்பத்தான் உயிர் கொடுத்தான். நீ எழுதினதெல்லாம் ஒண்ணா வந்து விழுந்துச்சு, ஒவ்வொண்ணாப் படிச்சேன். கோபமெல்லாம் இல்லடா. கட்டைவிரலைப் பார்த்ததும், பாவம், கை வேலையா இருக்கும்னு நினைச்சேன். பிஞ்சு நிறைய. பாதி அணிலுக்கு. பாதி மூட்டைன்னு எனக்கு அப்பவே தெரியும். வா, மீன் வாங்கி வைக்கிறேன். விட்டுப்போன காலை வணக்கமெல்லாம் சேர்த்து இப்பவே சொல்லிட்டேன்.
அக்கா

24 மார்ச்

(ரோஜா)
காலை வணக்கம் தம்பி.
அக்கா

காலை வணக்கம் அக்கா.
இன்னைக்குக் கடையில் ஒண்ணும் நடக்கலை. யாரும் என்னைப் பார்க்க வரலை. நீ கொடுத்தனுப்பின பிஞ்சை உப்புல தொட்டுத் தின்னுக்கிட்டு இருக்கேன்.
கை கொஞ்சம் வலிக்குது.
உன் தம்பி