படையல் உங்களுக்கு, பிரியாணி அவர்களுக்கு

நல்லெண்ணெயில் மிளகும் வெற்றிலையும் பொரிகிற வாசம் எழுந்ததும் உங்களைத்தான் கூப்பிட வாயெடுத்தேன். தலையில் எண்ணெய் வைத்துவிட ஆளில்லை. நானே வைத்துக்கொண்டேன், அழுதுகொண்டே.

போன தீபாவளி, நீங்கள் போய்ச் சேர்ந்த துக்க வருஷம். விளக்கில்லை, பலகாரமில்லை. இந்த வருஷமும் வாசல் வெறிச்சோடிக் கிடந்தால் ஈப்போ பட்டணத்துக்கே வந்துவிடுகிறேன் என்று அங்கே இருக்கும் மகனிடம் சொல்லியிருந்தேன். இந்த வீட்டில் தனியாக இன்னொரு வருஷம் என்னால் முடியாது.

பண்டிகையன்று கதவைத் திறந்துவைத்து எல்லாருக்கும் சோறு போடும் திறந்த இல்ல விருந்துக்கு நம் தேயிலை ஆலைக்காரர்களை வாட்சப்பில் அழைப்பது உங்கள் வேலை. எழுதி எழுதி அழிப்பீர்கள். "செருப்பை வெளிய விட்டுடுங்க. கோலத்த மிதிச்சுட்டா பயப்படாதீங்க, வீட்டுக்காரி முறைப்பா, அவ்வளவுதான். பொட்டு வச்சுக்கணும்னு இல்ல. கோழி, பிரிஞ்சாங் டவுன்ல முஸ்லிம் கடையில வாங்குனது, தனிப் பானை. மாடு, பன்னி ரெண்டும் கிடையாது."

"இது அழைப்பா, எஸ்டேட் சட்டமா?" என்று கேலி செய்வேன். "வந்து முழிக்கிறதவிட, தெரிஞ்சு வந்து நல்லா சாப்பிடட்டும்லா" என்பீர்கள்.

இந்த முறை நான் எழுதினேன். உங்கள் வரிகளையெல்லாம் போட்டுவிட்டு, ஆசையில் ஒன்றைச் சேர்த்தேன்: "அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பேன். படைத்த சாப்பாட்டைத்தான் எல்லாரும் பகிர்ந்து சாப்பிடப்போகிறோம்." நமக்கு அதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

மதியம் தாண்டியும் ஒருவரும் வரவில்லை. பிரியாணிப் பானை ஆறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வைத்திருந்ததால் வீட்டுக்குள் மலைப்பனி வந்ததுதான் மிச்சம். உங்கள் படத்தைப் பார்த்துத் திட்டினேன். என்னை இப்படி விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது உங்களுக்கு?

அப்போதுதான் சல்மா போன் செய்தாள். ஆபீசில் உங்களுக்கு அடுத்த மேசைக்காரி. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. படைச்ச சாப்பாட்ட நாங்க சாப்பிடக் கூடாது. வந்து சாப்பிடலன்னா உங்க மனசு நோகும். எங்கள விட்டுட்டு வர மத்தவங்களுக்கும் மனசில்ல. என்ன பண்றதுன்னு தெரியாம எல்லாரும் கீழ ரோட்டுல நிக்கிறோம்."

"ஐயோ, நான்தான் தப்பா எழுதிட்டேன். இலைக்கு ஆக்கினதுல ஆளுக்கு ஒரு வாய் குடுக்கணும்னு நினைச்சேன், ஆனா அது வேற சட்டி. அத நான் மட்டும் சாப்பிடுவேன். உங்க பானையில இன்னும் கரண்டிகூடப் படல. வாங்கலா!"

வந்தார்கள். செருப்பைக் கழற்றி, கோலத்தைச் சுற்றி நடந்து, மூன்று வீட்டுக் கூட்டம் ஒரே வீட்டில். சீனத்து மேற்பார்வையாளர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சல்மா மட்டும் தட்டோடு உங்கள் படத்துக்கு முன் நின்றாள். இலையைத் தொடவில்லை, நெருங்கவுமில்லை.

"அக்கா, அவரு சாப்பாட்டுக்கு முன்னாடி சீனி போடாத தேத்தண்ணி கேப்பாரே. வைக்கலையா?"

எல்லாம் படைத்தவள் அதை மறந்திருந்தேன். அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதபடி அடுப்படிக்குப் போனேன்.

ஈப்போவுக்கு வரவில்லை என்று மகனிடம் சொல்லிவிட்டேன். தைரியம் வந்துவிடவில்லை. ராத்திரியானால் பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நான் மறந்தாலும் உங்களை மறக்காதவர்கள் இந்த மலையில்தான் இருக்கிறார்கள்.