சஷ்டி காலையில் கொடுத்த ரத்தம்

2-2-79, வெள்ளி
கிழக்குக் காற்று விடவில்லை. கொட்டகை ஓடு இரண்டு போயிற்று. ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

கோயமுத்தூர் போய் வந்தேன். முழு உடம்புப் பரிசோதனை. மனைவி ருக்மணியின் பிடிவாதம். "ரிட்டயராகி பத்து மாசமாச்சு, நல்லா இருக்கறப்பவே பாத்துக்கோணுமுங்க." அவள் பயத்துக்குக் காரணம் பழனிசாமி. என் கடைசித் தம்பி. முதலமடைத் தோப்பில் மாம்பூவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. வயது நாற்பத்து மூன்று. வாயு என்றார்கள்.

இன்று சஷ்டி. ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். ஒரே நாளில் இரண்டும் முடிகிறதே என்று எனக்குச் சந்தோஷம். வழக்கம்போல் விடிகாலை நாலரைக்கு தேங்காய்ப்பாலில் அவல், வெல்லம். பெரிய தம்ளரில் இரண்டு. விரத நாளில் இது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக் கணக்கில் வராது.

எட்டரைக்கு ரத்தம். ஊசி போட்ட பெண்: "ஏதாச்சும் சாப்பிட்டீங்களாங்க?"
"ஒண்ணுமில்லைங்க. இன்னைக்கு விரதம்."
மனசாரச் சொன்னேன்.

5-2, திங்கள்
ரிப்போர்ட் வாங்கி வந்தேன். சர்க்கரை சரி. சிறுநீர் சரி. கொழுப்புத் தாள்தான் புதிர்.

மொத்தக் கொலஸ்ட்ரால் 286
டிரைகிளிசரைடு 390
எச்.டி.எல். 42
எல்.டி.எல். 166

அடியில் கையால் ஒரு வரி: ரத்த நீர் பால்போல் கலங்கல்.

மொத்தமே 286. அதற்குக் கீழே ஒன்று மட்டும் 390! பகுதி முழுதைவிடப் பெரியதா? முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார். எந்தப் பையன் இப்படி எழுதினாலும் சிவப்பு மையால் அடித்திருப்பேன். மல்லிகாவிடம் காட்டினேன். என் மகள், பி.எஸ்ஸி. முடித்து வீட்டில் இருக்கிறாள். "ஆய்வுக்கூடத்துல தப்பாப் போட்டுட்டாங்க போலிருக்குதுங்கப்பா." அப்படித்தான் இருக்கும்.

ருக்மணி நெய்ச் செம்பை எடுத்து மேல் பரணில் வைத்துவிட்டாள். தாளைப் படிக்கவில்லை, என் முகத்தைப் படித்தாள்.

7-2, புதன்
டாக்டர் சின்ன வயசு. வெளிநாட்டில் படித்தவராம். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"காலைல என்ன சாப்பிட்டீங்க?"
அவல் கதையைச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.
"ரெண்டு தம்ளர் தேங்காய்ப்பாலைக் குடிச்சுப்போட்டு ஒண்ணும் சாப்பிடலைன்னீங்களா வாத்தியாரே! ரத்தம் பால் மாதிரி இருக்காம எப்படி இருக்கும்?"
எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. இது ஐம்பது வருஷப் பழக்கம். அம்மா கொடுத்தது, இப்போது ருக்மணி கொடுப்பது.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

டிரைகிளிசரைடு கொலஸ்ட்ரால் அல்ல. வேறு கொழுப்பு. தாளில் பக்கத்தில் இருப்பதால் மொத்தத்தின் பகுதி ஆகாது. சாப்பிட்டால் உடனே ஏறும், பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால்தான் உண்மை தெரியும். மொத்தக் கொலஸ்ட்ரால் ஒரு வேளைச் சாப்பாட்டில் பெரிதாக அசையாது. எச்.டி.எல். நல்லது, கூட இருந்தால் தேவலை. எல்.டி.எல்.தான் ரத்தக் குழாயில் போய்ப் படிவது. அதை நேரே அளப்பதில்லை, கழித்து எடுப்பது. டிரைகிளிசரைடைச் சுமந்து போகும் துகள்களிலும் கொஞ்சம் கொலஸ்ட்ரால் உண்டு, அது டிரைகிளிசரைடு எண்ணில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு:

286 - 42 - (390 ÷ 5 = 78) = 166.

கணக்கு சரி. ஆய்வுக்கூடத்தின் மேல் தப்பில்லை. ஆனால் 390 என்பதே அவலின் வேலை. நானூறைத் தாண்டினால் இந்தச் சூத்திரமே செல்லாதாம், ஓரத்தில் தப்பியிருக்கிறது.

சட்டென்று எனக்கே உறைத்தது. கழிக்கிற எண் போலியாகப் பெருத்திருந்தால் விடை சிறுத்துத்தானே இருக்கும்? "அப்படீன்னா வெறும் வயித்துல எடுத்தா இந்த 166 ஏறுமுங்களே?"
டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "ஏறும். அதைத்தான் பாக்கோணும்."

13-2, செவ்வாய்
மறுபடி ரத்தம். நேற்று இரவு ஏழரைக்கு இரண்டு இட்லி. பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும். ருக்மணி அதைக்கூட அளந்து கொடுத்தாள்.

பஸ்ஸில் பின் சீட்டுக்காரர்: "பூவெல்லாம் காத்துல கொட்டிப்போச்சுங்க, இந்த வருஷம் மாங்காயே இல்லை." தம்பியின் தோப்பு ஞாபகம்.

15-2, வியாழன்
மொத்தம் 290. எச்.டி.எல். 43. டிரைகிளிசரைடு 150.
390 போய் 150! ருக்மணி சாமி படத்துக்குப் பூ வைத்தாள். மல்லிகாவும் நானும் மட்டும் சாப்பாட்டு மேஜையில் கழித்துப் பார்த்தோம். 30 போக, 43 போக, எல்.டி.எல். 217. இரண்டு தடவை போட்டாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

மாலை டாக்டர். செருப்பைக் கழற்றச் சொல்லி குதிகாலுக்கு மேல் நரம்பைப் பிடித்துப் பார்த்தார். தடித்திருக்கிறதாம். கண்ணிமையில் மஞ்சள் திட்டு. வயசுக்கு வருவது என்று நினைத்திருந்தேன்.
"இது நெய்யில வந்ததில்லைங்க. ரத்த வழி. கூடப் பொறந்தவங்க எப்படி இருக்காங்க?"
குமுளியில் ஒரு தம்பி இருப்பதையும், பழனிசாமி போன விதத்தையும் சொன்னேன். அதையும் தாளில் குறித்துக்கொண்டார்.
"பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருக்கற தம்பியைப் பாக்கச் சொல்லுங்க. உங்க மகளையும் கூட்டிட்டு வாங்க."
"பழனிசாமிக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா?"
"உறுதி சொல்ல முடியாது. பீடி பிடிப்பாரா?"
நாளைக்கு இரண்டு கட்டு.
"அதையாச்சும் விட்டிருப்பாரு."

எனக்கு: கொழுப்பைக் குறைக்க நிகோடினிக் அமில மாத்திரை (முகம் எரியுமாம்), நெய் தேங்காய் முட்டை குறைவு, தினம் நடை. நல்ல மருந்து இன்னும் வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை பிடித்தது.

18-2, ஞாயிறு
குமுளி. நாச்சிமுத்து வீடு. எனக்கு அடுத்த தம்பி, ஏலக்காய் வியாபாரம். கடிதத்தில் எழுதினால் பயந்துவிடுவான் என்று நேரிலேயே போனேன். பழனி, தேனி, கம்பம், மூன்று பஸ். குளிர். பொறுப்பான அண்ணன் என்ற நினைப்பு வழி நெடுக.

அவன் மனைவி துளசி, கம்பத்துப் பெண், டீ கொண்டு வந்தாள். நான் 217, குதிகால், ரத்த வழி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நாச்சிமுத்து தலை நிமிரவில்லை. துளசி வெள்ளந்தியாகச் சொன்னாள்:
"அதத்தான மாமா மதுரை டாக்டரும் இவுககிட்டச் சொன்னாரு? நாலு வருசம் ஆச்சே. அண்ணன் தம்பியெல்லாம் பாக்கச் சொல்லுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. சொல்லலையா நீங்க?"

நாச்சிமுத்து எழுந்து உள்ளே போனான்.

ஒரு தாளை எடுத்து வந்தான். மொத்தம் 312. அப்போது அது ஒன்றுதான் பார்த்தார்களாம். நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து. நாலு வருஷம் அலமாரியில் இருந்திருக்கிறது.

"அப்பத்தான் எம் புள்ளை அமுதாவுக்கு மாப்பிள்ளை பேசிட்டிருந்ததுங்கண்ணா. குடும்பத்துல நெஞ்சு நோவுன்னு வெளிய போனா ஆரு பொண்ணு எடுப்பாங்க? கண்ணாலம் முடியட்டும், சொல்லிக்கலாமுன்னு..."
"கண்ணாலம் முடிஞ்சு மூணு வருஷமாச்சேடா."
"அப்பறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்கண்ணா."
"பழனிசாமி செத்தப்ப வாயுன்னு சொன்னாங்களே. நீயும் பக்கத்துல நின்னு தலையாட்டினியேடா."
அழுதான். எனக்கு அவனைத் தொடப் பிடிக்கவில்லை.

பாடை தூக்கியபோது முன்பக்கம் நான், பின்பக்கம் அவன். தெரிந்தே தூக்கியிருக்கிறான். நீயும் என் தம்பியா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவன் இப்படிக் கழுத்தறுத்தால் இனி யாரை நம்புவது?

20-2, செவ்வாய்
மாத்திரை. முகம், காது, கழுத்து தீயாய் எரிகிறது. அரை மணியில் அடங்கியது.

ருக்மணியிடம் எல்லாம் சொன்னேன். நாச்சிமுத்துவைத் திட்டித் தீர்த்தாள். "அவனெல்லாம் மனுசனுங்களா?" கறிவேப்பிலை உருவிக்கொண்டே அடுத்த மூச்சில், "பொள்ளாச்சிக்காரங்க ஒண்ணாந் தேதி வாராங்க. இப்பத்திக்கு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

மல்லிகாவின் சம்பந்தம். நல்ல இடம். பையன் பாங்கில் வேலை.

மல்லிகா: "அப்பா, நானும் ரத்தம் குடுக்கோணுமில்லைங்களா?"
"பாக்கலாம் கண்ணு."
"எப்பங்க?"
"இது முடியட்டும்."
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. திருத்திச் சொல்ல வாய் வரவில்லை.

24-2, சனி
தபால் அட்டை. நாச்சிமுத்து. மன்னிக்கச் சொல்லி நாலு வரி. கிழித்தேன்.
ஓடு மாற்றியாயிற்று. கடைக்கு: சர்க்கரை, ரவை, வெற்றிலை, பூ.


1-3, வியாழன்
வெயில் ஏறிவிட்டது. பதினொரு பேர் வந்தார்கள். பஜ்ஜி, கேசரி. நெய் என்பதால் நான் கேசரி தொடவில்லை. வந்தவர்களிடம் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டாள் ருக்மணி.

எல்லாம் நல்லபடி. வைகாசியில் முகூர்த்தம் பார்க்கச் சம்மதம். பையனின் அப்பா மரியாதையானவர். வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார், குத்தலாக அல்ல, சம்பந்தி வீட்டு விசாரிப்பாக:
"உங்க கடைசித் தம்பி சின்ன வயசுலயே தவறிட்டாருன்னாங்க. என்னுங்க ஆச்சு?"

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மல்லிகா காபித் தட்டோடு என் எதிரே.

"வாயுங்க," என்றேன். "மருந்தடிச்ச காத்து உள்ள போயிருச்சு."

அவர் உச்சுக்கொட்டினார். பேச்சு மண்டபத்துக்குப் போயிற்று. நான் சொன்ன குரலில் ஒரு சிறு தடுமாற்றம்கூட இல்லை. வகுப்பில் சொல்வதுபோல் இருந்தது. பழனிசாமியை இன்னொரு தரம் நானே தூக்கிப் போட்டேன்.

அவர்கள் கார் போன பிறகு மல்லிகா வந்து நின்றாள். பட்டுச் சேலையை இன்னும் மாற்றவில்லை.
"அப்பா."
"என்ன கண்ணு."
"எனக்கு நாளைக்குக் குழந்தைங்க பொறந்தா, அதுககிட்டயும் சொல்லக்கூடாதுங்களா?"