முதலடி, நாலாம் சீர்

ஐப்பசி 12, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை. கொடியில் சேலை மூன்று நாளாக ஈரம்.

சாப்பாட்டு நேரம் அத்தான் வந்து நின்றார். அக்காவின் புருஷன், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், ஒரே வளவில் வீடு. எப்போதும் போலச் சிரிப்பு.

"புள்ள, சபைக் கவியரங்கில பேர் குடுத்திட்டன். மழைக்கு ஒரு வெண்பா கட்டித் தா."

அவர் பேரில். என் பேரில் போன வருஷம் அனுப்பியதைச் சபைப் பண்டிதர் திருப்பிவிட்டார். "தளை தட்டுகிறது. பெண்கள் யாப்போடு மினக்கெட வேண்டாம்." எங்கே தட்டுகிறது? ஒரு சொல் இல்லை. எத்தனையோ தரம் அலகிட்டுப் பார்த்தேன். தட்டவேயில்லை.

அக்கா பாவமாகப் பார்த்தாள். ஓம் என்றுவிட்டேன். என் வாயைத்தான் தைக்க வேண்டும்.

ஐப்பசி 14, வியாழன்

மழை. சிலேட்டு.

முதலில் வந்தது: மழைகண்டு தவளை. மழை-கண்-டு, காய்ச்சீர். காய் முன் நேர் வர வேண்டும். தவளையோ நிரையில் தொடங்குகிறது. கலித்தளை, வெண்பாவுக்குள் விடக்கூடாது. அழித்தேன். தாவித் தவளை. தா-வித், தேமா. மா முன் நிரை. சரி.

முதலடி வாவி, இரண்டாமடி தாவி: எதுகை இருக்கிறது. இரண்டாம் அடித் தனிச்சொல்லும் அதே எதுகையில் வேண்டும். கூவி!

பின்னிரண்டு அடி வரவில்லை. நாலாம் அடிக்கு மூன்றே சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு நான்கில் ஒன்று. சோறு அடிப்பிடித்தது.

ஐப்பசி 18, திங்கள்

வவுணதீவில் எங்கள் வயல் வட்டையைச் செய்கிற தம்பிப்பிள்ளை அண்ணன் தோணியேறி வந்தார். வெள்ளம் வரம்பை உடைத்து, விதைத்ததெல்லாம் போய்விட்டது.

"நான் வரம்பில இரிந்து அழுறன். தவளை நல்லாக் கத்துது கா."

தேத்தண்ணி கொடுத்தேன். வேறென்ன கொடுக்க? அவர் போனதும் எழுதினேன்.

வாவி நிறைந்து வயல்புகுந்து நீர்பரவத்
தாவித் தவளை தடமெல்லாம் – கூவி
வருமழை வாழ்த்த வரம்பில் உழவன்
ஒருவழி யின்றி அழும்.

அழும்: மலர். முடிந்தது. முழுதும் அலகிட்டேன், ஒரு தளையும் தட்டவில்லை. இதை அத்தானுக்கா கொடுப்பது?

ஐப்பசி 19, செவ்வாய்

ஒரே ஒரு சீரை மாற்றினேன். நீர்பரவ இருந்த இடத்தில் புனல்பரவ. வயல்-புகுந்-து காய்; நீர் நேர், பொருந்தியது. புனல் நிரை. காய் முன் நிரை, பச்சைக் கலித்தளை. வேண்டுமென்றேதான் செய்தேன். என்னைத் திருப்பிய பண்டிதர் அரங்கில் இவரையும் திருப்பட்டும்.

அத்தான் மனப்பாடம் செய்கிறார். பல் விளக்கும்போதும்.

ஐப்பசி 23, சனி

புளியந்தீவு, சபை மண்டபம். பெண்களுக்குப் பின்வரிசை வாங்கில் இடம். ஓட்டில் மழைச் சத்தம். அத்தான் பாடினார்.

பண்டிதர் எழுந்தார். "புனல்பரவ! இதல்லவோ சொல்! நீர் என்றிருந்தால் சப்பென்று போயிருக்கும். தளை எங்கும் தட்டவில்லை. வெண்பா என்றால் இது."

கைதட்டல், சால்வை.

அந்த ஆள் என் பாட்டை அலகிடவே இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பேரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அதற்கும் சேர்த்து என்மேல் ஆத்திரம்.

ஐப்பசி 24, ஞாயிறு

அத்தானிடம் சொல்லிவிட்டேன். முதலடியில் பிழை, தெரிந்தே வைத்தேன் என்று.

"பண்டிதர் சரியெண்டிட்டார். நீ அவருக்கு மேலயா?" பிறகு, சால்வையை மடித்துக்கொண்டே: "சபை மலரில அச்சடிக்கப் போறாங்க. உன்ட கையெழுத்துத்தான் வடிவு. படி எடுத்து வை."

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

திருத்தினால் அவருக்குக் குறையில்லாத வெண்பா. விட்டால் என் பாட்டு அச்சில் என்றைக்கும் நொண்டும். இரண்டும் என் தலையில். பொறி வைத்தவளே மாட்டிக்கொண்டேன்.

ஐப்பசி 26, செவ்வாய்

தூறல். உப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும்.

படி எடுத்தேன். பேனை புனலுக்குப் போகவில்லை. நீர்பரவ. தம்பிப்பிள்ளை அண்ணன் அழுதது பிழையாக அச்சேறக் கூடாது. அவ்வளவுதான்.

கீழே பேர். என் பேரை எழுதினேன். அதன் கீழ், புனல்பரவ பாடினால் தளை எங்கே தட்டும் என்று சீர் சீராக அலகிட்டுக் காட்டினேன். பண்டிதர் படிக்கட்டும்.

அக்காவிடம் நீட்டினேன். "வாசிச்சிட்டுச் சொல்லு. நீ வேணாமெண்டா கிழிச்சிர்றன்."

வாசித்தாள். என் பேரில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தடவினாள். பிறகு சபை விலாசம் எழுதிய உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

"அவர் கச்சேரியால வாறத்துக்குள்ள தபால்ல போட்டுட்டு வாறன்."